பஸ்ஸில் தொடங்கி பைக்கில் முடியுங்கள்: வாகன நிறுத்துமிடம் திட்டமிடுவது எப்படி

மனைக்குள் எத்தனை வண்டி நிற்கும் என்று கணக்குப் போடும்போது புதியவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைச் செய்கிறார்கள். வண்டியின் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி, அந்த எண்ணால் மனையின் பரப்பை வகுத்துவிடுகிறார்கள். தாளில் 200 பைக் வரும். தரையில் நூறுதான் நிற்கும். காரணம், வண்டிக்கு மூன்று அளவுகள் உண்டு. நிற்கும்போது அது எடுக்கும் இடம் ஒன்று. ஆள் ஏறி இறங்கவும் வண்டியைத் தள்ளி எடுக்கவும் வேண்டிய இடம் இன்னொன்று. திரும்பும்போது அதன் உடல் வருடிச் செல்லும் இடம் மூன்றாவது. விளம்பரத் தாளில் முதல் அளவு மட்டுமே இருக்கும்.

இந்த மூன்றையும் ஓர் உதாரண மனையில் வைத்துப் பார்ப்போம். ஒரு சிற்றூர்க் கல்யாண மண்டபத்தை ஒட்டி, அதன் மேற்கே ஒரு காலி மனை. சாலையோரமாக 30 மீட்டர் அகலம், உள்ளே 45 மீட்டர் ஆழம். தெற்கே 9 மீட்டர் சாலை. கார்களுக்கு வேறு இடம் இருக்கிறது. இங்கே ஒரு பஸ், சில ஆட்டோக்கள், மீதி முழுவதும் இருசக்கர வாகனங்கள்.

முதலில் அளவுகள்

நம் ஊர் டூவீலர்களை மூன்று பேரைக் கொண்டு நினைவில் வைக்கலாம். ஹோண்டா ஆக்டிவா சுமார் 1.83 மீட்டர் நீளம், 0.70 மீட்டர் அகலம். ஹீரோ ஸ்ப்ளெண்டர் 2.0 மீட்டர் நீளம், 0.72 அகலம். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 ஏறக்குறைய 2.15 மீட்டர் நீளம், 0.79 அகலம். ஆக்டிவாவை அளந்து கோடு போட்டால் புல்லட்டின் பின்சக்கரம் நடைவழியில் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் திட்டத்துக்குக் கிளாசிக் 350-ஐ எடுத்துக்கொள்வதே சரி.

பயணிகள் ஆட்டோவில் பஜாஜ் ஆர்.இ. சுமார் 2.64 மீட்டர் நீளம், 1.30 மீட்டர் அகலம், 1.70 மீட்டர் உயரம். ஷேர் ஆட்டோவாக ஓடும் பெரிய வண்டிகள் இதைவிட நீளம். எனவே ஆட்டோவுக்கு 3.2 மீட்டர் ஆழம் கொடுத்தால் இரண்டு வகையும் அடங்கும்.

பஸ்ஸின் உடல் அகலத்துக்கு மோட்டார் வாகன விதிகளில் 2.6 மீட்டர் உச்சவரம்பு. பக்கக் கண்ணாடிகள் இதில் சேராது. இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிகளையும் சேர்த்தால் 3 மீட்டரைத் தொடும். நம் வழித்தடங்களில் ஓடும் சாதாரண பஸ் 11 முதல் 12 மீட்டர் நீளம், அதாவது ஏறக்குறைய 40 அடி. உயரத்துக்கு 3.8 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று அச்சு ஆம்னி பஸ் 14 மீட்டரைத் தாண்டுவதும் உண்டு. கீழே வரும் கணக்கு அதற்குப் பொருந்தாது.

பஸ் எப்படித் திரும்புகிறது

மனையில் முதலில் பஸ்ஸின் பாதையைத்தான் வரைய வேண்டும். ஆட்டோவும் பைக்கும் மிச்சம் இருக்கும் இடத்தில் எப்படியாவது அடங்கிக்கொள்ளும். பஸ் அடங்காது. பைக் வரிசைகளை முதலில் போட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு வழி தேடினால் எல்லாக் கோட்டையும் அழிக்க நேரும்.

நம் உதாரண பஸ் 11.3 மீட்டர் நீளம் என்று வைப்போம். முன், பின் அச்சுகளுக்கு இடையே 5.6 மீட்டர். முன் அச்சுக்கு முன்னால் 2.4 மீட்டரும், பின் அச்சுக்குப் பின்னால் 3.3 மீட்டரும் உடல் நீண்டிருக்கும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது முன்பக்க வெளி மூலை 12.5 மீட்டர் ஆரத்தில் வட்டம் போடுகிறது என்று கொள்ளுங்கள். பின் அச்சிலிருந்து முன் மூலை 8 மீட்டர் முன்னால் இருப்பதால், பின் அச்சின் அருகே வெளிப்பக்கம் போடும் வட்டம் அதைவிடச் சிறியது, 9.6 மீட்டர்தான். அதில் உடல் அகலத்தைக் கழித்தால் உள்பக்கம் 7 மீட்டர் ஆரம். அதாவது 2.6 மீட்டர் அகல வண்டி, வளைவில் 5.5 மீட்டர் அகலப் பட்டையை வருடிச் செல்கிறது. ஒரு முழு திருப்பத்துக்கு 25 மீட்டர் குறுக்களவும், இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் இடைவெளியும் தேவை. மொத்தம் 27 மீட்டர்.

நம் மனை 30 மீட்டர் அகலம் என்பதால் பஸ் உள்ளே திரும்பி முகப்பாகவே வெளியேற முடியும். 24 மீட்டர் அகல மனையாக இருந்திருந்தால் பஸ்ஸை உள்ளே விடக் கூடாது, சாலையோரம் இறக்கிவிட்டு அனுப்பிவிட வேண்டும். கல்யாணக் கூட்டத்துக்குள், குழந்தைகள் ஓடும் இடத்தில், 11 மீட்டர் வண்டியை ரிவர்ஸில் எடுக்கும் திட்டத்தை ஏற்கவே கூடாது. ஓட்டுநருக்குப் பின்னால் நேர் கீழே இருப்பது தெரியாது.

இன்னொரு விஷயம் பலருக்குப் பிடிபடுவதில்லை. பஸ் வலப்பக்கம் திரும்பத் தொடங்கும்போது அதன் வால் இடப்பக்கம் வெளியே தள்ளும். இந்த பஸ்ஸுக்கு அந்தத் தள்ளல் அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். பின் அச்சுக்கு அப்பால் நீண்டிருக்கும் 3.3 மீட்டர்தான் காரணம். சுவரை உரசியபடி நிற்கும் பஸ் ஸ்டீயரிங்கை ஒடித்துக் கிளம்பினால், முன்னால் எல்லாம் சரியாக இருக்கும், பின்மூலை சுவரில் தேய்ந்துவிடும்.

சுற்றும் திசை

உதாரண மனையில் பஸ் மேற்கு வாசலில் நுழைந்து, மேற்குப் பக்கமாக வடக்கே போய், மனையின் வடகோடியில் வலப்பக்கமாகத் திரும்பி, கிழக்குப் பக்கமாகத் தெற்கே வந்து, கிழக்கு வாசலில் வெளியேறும். கடிகாரம் சுற்றும் திசை. இதைத் தேர்வதற்குக் காரணங்கள் உண்டு. ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். வலத் திருப்பத்தில் உள்பக்கப் பின்சக்கரம் அவருடைய கண்ணாடியிலேயே தெரியும். படிகள் இடப்பக்கம் இருப்பதால் கிழக்குப் பக்கம் வந்து நின்றதும் பயணிகள் நேராக மண்டபப் பக்கம் இறங்குவார்கள். சாலையிலிருந்து நுழைவதும் வெளியேறுவதும் இடத் திருப்பமாக அமையும், எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை.

இனி மேற்கு எல்லையிலிருந்து அளப்போம். திருப்பத்தின் மையம் 15 மீட்டரில், சாலை எல்லையிலிருந்து 31.5 மீட்டர் உள்ளே. அப்போது வட எல்லைக்கும் பஸ்ஸின் முன்மூலைக்கும் இடையே ஒரு மீட்டர் மிஞ்சும். நேராகப் போகும்போது பஸ்ஸின் உடல் மேற்கில் 5.4 முதல் 8 மீட்டர் வரையிலும், கிழக்கில் 22 முதல் 24.6 மீட்டர் வரையிலும் இருக்கும். ஓட்டுநர்கள் கணக்குப்படி துல்லியமாக ஒடிப்பதில்லை, ஸ்டீயரிங் சுற்றவும் நேரம் எடுக்கும். திருப்பத்தின் இரண்டு பக்கமும் எல்லை வரை மிஞ்சும் 2.5 மீட்டர் அதற்காகத்தான். அதில் செடித் தொட்டி வைத்து நிரப்பிவிடாதீர்கள்.

கிழக்குச் சுவரை ஒட்டி 1.5 மீட்டர் நடைபாதை விட்டு, அதை அடுத்து பஸ் நிற்கும் இடம். முன்பம்பர் சாலை எல்லையிலிருந்து 3 மீட்டர் உள்ளே. இரண்டாவது பஸ்ஸை இதன் பின்னாலேயே நிறுத்தலாமே என்று தோன்றும். முடியாது. திருப்பத்திலிருந்து வெளிவரும் பஸ், நிற்கும் இடத்துக்கு 4 மீட்டர் இடப்பக்கம் விலக வேண்டும். அதற்கு நடைமுறையில் 15 மீட்டர் நேர் ஓட்டம் தேவை. முதல் இடத்துக்கு 20 மீட்டர் கிடைக்கிறது. இரண்டாவது இடத்துக்கு 7 மீட்டர்தான் கிடைக்கும். ஆகவே இந்த மனையில் ஒரு பஸ் மட்டும். இன்னொரு பஸ் வந்தால் ஆட்களை இறக்கிவிட்டு, அதே சுற்றில் வெளியேறட்டும்.

வாசல்

பெரும்பாலான மண்டபங்களில் வாசல் 4 மீட்டர் இருக்கும். பஸ்ஸின் அகலம் 2.6 என்பதால் தாராளம் என்று நினைத்துவிடுகிறார்கள். நேராக நுழைந்தால் தாராளம்தான். சாலையிலிருந்து ஒடித்து நுழைய வேண்டும் என்றால் கதை வேறு. சாலையோரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வரும் பஸ் இடப்பக்கம் திரும்பினால், எல்லைக் கோட்டை 7.4 மீட்டர் அகலத்தில் கடக்கும். ஓட்டுநர் முன்கூட்டியே சாலையின் நடுப்பக்கமாக விலகி வந்தால் 6 மீட்டர் போதும், ஆனால் அவருடைய முன்மூலை எதிர்ச் சாரியில் நன்றாக நுழையும். ஆகவே இரண்டு வாசலும் 8 மீட்டர் வையுங்கள். அதற்கு இடமில்லை என்றால் தூண்களைச் சாய்வாக உள்ளிழுத்துக் கட்டலாம்.

கல்யாண நாளன்று இந்த 8 மீட்டர் குறைவது சகஜம். இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டுவார்கள். தூணுக்கு முன்னால் குழி தோண்டி, அலங்கார வளைவும் வைப்பார்கள். வளைவின் அடிப்பகுதி 4.5 மீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது, சீரியல் லைட் வயர் உட்பட. அலங்காரக்காரருக்கு இதை வாயால் சொல்வதைவிட, வாழைமரம் நிற்க வேண்டிய இடத்தில் நிரந்தரமாக ஓர் இரும்புக் குழாயைப் பதித்துவிடுங்கள். மரம் அதில்தான் நிற்கும்.

ஆட்டோ

ஆட்டோ திருப்பத்தில் எளிது. பஜாஜ் ஆர்.இ.யின் திரும்பும் ஆரம் 2.88 மீட்டர். ஆறரை மீட்டர் அகலம் கிடைத்தால் ஒரே வீச்சில் திரும்பிவிடும். கவனிக்க வேண்டியது ஏறும் பக்கம்தான். தமிழ்நாட்டில் ஆட்டோவின் வலப்பக்கம் கம்பியால் அடைத்திருக்கும், ஆட்கள் இடப்பக்கமாக மட்டுமே ஏறுவார்கள். பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தும்போது இடப்பக்கம் அரை மீட்டர் வேண்டும். 1.3 மீட்டர் வண்டிக்கு 1.8 மீட்டர் இடம் என்பது இப்படி வருவது. இதை 1.5 ஆகக் குறைத்தால் ஓட்டுநர்கள் ஒரு வண்டிக்கான இடம் விட்டு ஒரு வண்டி நிறுத்துவார்கள், மிச்சம் பிடித்த இடம் அப்படியே போய்விடும்.

மேற்குச் சுவரை ஒட்டி ஆறு ஆட்டோக்களுக்கு 10.8 மீட்டர் வேண்டும். ஆனால் வாசலிலிருந்தே தொடங்கக் கூடாது. உள்ளே நுழையும் பஸ்ஸின் இடப்பக்கம் வாசலருகே மேற்குச் சுவருக்கு 2 மீட்டர் வரை நெருங்கி, ஆறு மீட்டர் உள்ளே போன பிறகுதான் நேராகும். எனவே முதல் ஆட்டோ 8 மீட்டர் உள்ளிருந்து தொடங்கட்டும். 19 மீட்டரில் வரிசை முடியும். பஸ் வால் தள்ளும் இடம் 28 மீட்டருக்கு அருகில்தான், ஆகவே இவற்றுக்கு ஆபத்தில்லை.

இருசக்கர வாகனம்

பஸ் பாதைகளின் நடுவே, இரண்டு பக்கமும் அரை மீட்டர் விட்டபின், 13 மீட்டர் அகலத் திட்டு கிடைக்கிறது. நீளம் 4 மீட்டரிலிருந்து 31 மீட்டர் வரை, ஆக 27. பைக்குகள் எல்லாம் இங்கேதான்.

வரிசையின் ஆழம் 2.2 மீட்டர். நடைவழி 2 மீட்டர், ஏனெனில் பைக்கைப் பின்னால் இழுத்துத் திருப்ப அதன் நீளம் அளவு இடம் வேண்டும். வரிசை, நடைவழி, வரிசை என்று ஒரு தொகுப்பு 6.4 மீட்டர். இரண்டு தொகுப்புகள் 12.8. திட்டில் சரியாக அடங்குகிறது. இரு முனையிலும் 1.5 மீட்டர் திறப்பு விட்டால் ஒவ்வொரு வரிசைக்கும் 24 மீட்டர். மேற்கு ஓர வரிசை மட்டும் 14 மீட்டர் உள்ளிருந்து தொடங்கட்டும், ஏனெனில் வாசலில் ஒடித்து நுழையும் பஸ்ஸின் வலப்பக்க முன்மூலை நேராகும் வரை திட்டுக்குள் 2.4 மீட்டர் வரை வருடும். அந்த வரிசைக்கு 15.5 மீட்டர்தான்.

பக்கவாட்டில் எவ்வளவு என்பதில்தான் தகராறு வரும். ஹேண்டில்பார் 0.79 என்றால் 0.8 போதும் என்று தோன்றும். ஆனால் சைடு ஸ்டாண்டு போட்ட பைக் இடப்பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்வில் ஹேண்டில் இன்னும் சில அங்குலம் வெளியே போகும். 0.8 மீட்டரில் நிறுத்தினால் இரண்டு ஹேண்டில்கள் கோத்துக்கொள்ளும். ஒருவர் தன் வண்டியை இழுத்தால் பக்கத்து வண்டி சாயும், பிறகு வரிசையே சாயும். தாமாக நிறுத்தும் இடத்தில் 0.9 மீட்டருக்குக் குறைக்காதீர்கள். எல்லா வண்டியையும் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்தும் காவலாளி இருந்தால் 0.75 வரை நெருக்கலாம். அவர் சாப்பிடப் போன அரைமணி நேரத்தில் அந்த ஒழுங்கு குலையும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

0.9 மீட்டரில் மூன்று வரிசைகளில் தலா 26 வண்டிகள், மேற்கு ஓர வரிசையில் 17, ஆக நான்கு வரிசைக்கு 95. பக்கச் சக்கரம் பொருத்திய மாற்றுத்திறனாளிகளின் ஸ்கூட்டருக்கு 0.9 போதாது, 1.5 மீட்டர் வேண்டும். மண்டபத்துக்கு அருகில் உள்ள கிழக்கு வரிசையில் அதற்கு மூன்று இடம் ஒதுக்கினால் அந்த வரிசையில் 21 சாதாரண வண்டிகள் மிஞ்சும். மொத்தம் 90-உம் மூன்றும், ஆக 93. திட்டின் 351 சதுர மீட்டரை இதனால் வகுத்தால் ஒரு வண்டிக்கு ஏறக்குறைய 3.8 சதுர மீட்டர். வண்டி மட்டும் எடுக்கும் இடம் 1.7 சதுர மீட்டர்தான். தாளில் 200 வந்து தரையில் நூறாகும் மர்மம் இதுதான்.

தரைச் சரிவையும் வண்டி நிற்கும் திசையைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். எதிரெதிராக நிற்கும் இரண்டு வரிசைகளில் பைக்குகள் எதிரெதிர்ப் பக்கம் சாய்கின்றன, ஏனெனில் எல்லாமே தத்தம் இடப்பக்கம் சாய்பவை. வரிசையின் நீளவாக்கில் சரிவு கொடுத்தால் ஒரு வரிசையில் பைக் அளவுக்கு மீறிச் சாயும், மற்றதில் நிமிர்ந்து நின்று காற்றுக்கே மறுபக்கம் விழும். எனவே நடைவழி தாழ்ந்தும் இரண்டு வரிசைகளும் அதை நோக்கிச் சரிந்தும் இருக்கட்டும். வண்டியின் மூக்கு நடைவழிக்கு எதிர்ப்பக்கம், மேட்டில். சரிவு 50-க்கு 1 போதும், வரிசையின் ஆழத்துக்கு 4.4 சென்டிமீட்டர்தான் வரும். மூக்கு தாழ்ந்திருந்தால் வண்டி முன்னால் உருளும்போது சைடு ஸ்டாண்டு மடங்கிவிடும். பின்னால் உருளப் பார்த்தால் மடங்காது. மழைநீரும் நடைவழியின் வடிகாலிலேயே போய்ச் சேரும்.

தரை மண்ணாகவோ ஜல்லியாகவோ இருந்தால் இந்தக் கணக்கு ஒரு மழை வரைதான். ஸ்டாண்டின் முனை இறங்கிவிடும். முழுக்கக் காங்கிரீட் போட வசதியில்லை என்றால், ஸ்டாண்டு விழும் இடமெல்லாம் அகப்படும்படி ஒவ்வொரு வரிசையின் நடுவிலும் நீளமாக ஒரு காங்கிரீட் பட்டை போடுங்கள்.

கோடு போடும் முன் சுண்ணாம்பு

தளம் போடுவதற்கு முன், வெறுந்தரையில் இதைச் சோதிக்க ஒரு நாள் போதும். திருப்பத்தின் மையத்தில் ஒரு முளை அடித்து, 12.5 மீட்டர் கயிற்றாலும் 7 மீட்டர் கயிற்றாலும் வடக்கு நோக்கி இரண்டு அரைவட்டங்களைச் சுண்ணாம்புத் தூளில் போடுங்கள். நேர் பாதைகளையும் வாசல் தூண்கள் வரும் இடங்களையும் குச்சி நட்டுக் காட்டுங்கள். பிறகு ஒரு பஸ்ஸை வாடகைக்கு வரவழைத்து, அதன் ஓட்டுநரை வழக்கமான வேகத்தில் இரண்டு முறை சுற்றச் சொல்லுங்கள். வழி சொல்லித் தராதீர்கள், கல்யாண இரவில் வரும் ஓட்டுநருக்கு யாரும் சொல்லித் தரப்போவதில்லை. ஒருவர் பின்மூலையோடு நடந்து வால் தள்ளும் இடத்தைப் பார்க்கட்டும், இன்னொருவர் உள்பக்கப் பின்சக்கரத்தைப் பார்க்கட்டும்.

உள்வட்டக் கோட்டைச் சக்கரம் தாண்டி மிதித்தால் ஓட்டுநர் சீக்கிரம் ஒடிக்கிறார் என்று பொருள். அந்த இடத்தில் திட்டின் முனையை வெட்டிவிடுங்கள், இரண்டு மூன்று பைக் போனாலும் பரவாயில்லை. முன்மூலை வட எல்லைக்கு அரை மீட்டருக்குள் போனால் திட்டின் வடமுனையை இரண்டு மீட்டர் குறைத்து, மையத்தையும் அதே அளவு தெற்கே இழுக்க வேண்டும். வெளியேறும் வாசலில் பஸ் இடப்பக்கம் ஒடிக்கும்போது அதன் உள்பக்கம் நடைபாதையின் கடைசி நாலு மீட்டரில் ஏறத்தாழ முழு அகலத்தையும் வருடும். அந்தப் பகுதிக்கு முன்பாகவே நடைபாதையைக் கம்பி கட்டி மண்டபப் பக்கம் திருப்பிவிடுங்கள். பைக் திட்டிலிருந்து வருபவர்கள் பஸ் பாதையைக் கடந்தே மண்டபத்துக்குப் போக வேண்டியிருப்பதால், பஸ் நகரும் ஒவ்வொரு முறையும் அந்தக் கடவில் ஓர் ஆள் நிற்க வேண்டும்.